அம்பு ஒரு பக்கம், சக்கரம் மறுபக்கம்

நான்கு புது டயர்களையும் மாட்டி, காற்றடித்து, பேலன்சிங்கும் பார்த்து முடித்துக் கடையிலிருந்து ஒரு கார் வெளியே வருகிறது. டயர்கள் பளபளக்கின்றன, ஸ்டியரிங் நேராக நிற்கிறது, அதிர்வு எதுவும் இல்லை. உரிமையாளருக்கு முழுத் திருப்தி. ஆனால் நான்கில் இரண்டு டயர்கள், அவற்றைச் செய்தவர்கள் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கின்றன. இதைச் சொல்லும் அடையாளம் டயரின் பக்கச்சுவரிலேயே, ஒரு சின்ன அம்புக்குறியாக இருக்கிறது. கார் ஓடும்போது அதை யாராலும் பார்க்க முடியாது. நிற்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

எல்லா டயருக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. சாதாரண டயரின் டிரெட், அதாவது தரையைத் தொடும் வரிகளும் கட்டைகளும் உள்ள பகுதி, எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். சிக்கல் வருவது இரண்டு வகை டயர்களில்தான். ஒன்று, ஒரே திசையில் சுழல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட திசை டயர். கடைகளில் இதை டைரக்‌ஷனல் என்பார்கள். மற்றொன்று, டிரெட்டின் ஒரு பாதி ஒரு மாதிரியும் மறுபாதி வேறு மாதிரியும் இருக்கும் அசிமெட்ரிக் டயர். இவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

திசை டயரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் பள்ளங்கள் சாய்ந்து ஓடி, ஆங்கில ‘வி’ எழுத்தை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். அது அழகுக்காக வந்த வடிவமன்று. ஈரச் சாலையில் டயர் என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 195 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் ஒன்று, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டயர் மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் தண்ணீரைத் தன் பாதையிலிருந்து அகற்றியாக வேண்டும். டயர் தரையைத் தொடும் பகுதியின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் இந்த நீளத்தைக் கடக்க ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் தண்ணீர் வெளியேறாவிட்டால் டயருக்கும் சாலைக்கும் நடுவே ஒரு படலம் தங்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் எதற்கும் பயன்படாது.

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1960களில் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய அக்கறை ஈர ஓடுபாதையில் இறங்கும் விமானங்களைப் பற்றியது. டயரின் காற்றழுத்தம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு குறைந்த வேகத்திலேயே அது தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்று அவர்கள் கண்டு, அதற்கு ஓர் எளிய சூத்திரமும் தந்தார்கள். தேய்ந்து வழுவழுப்பான டயரும் ஆழமான தண்ணீரும் என்று எடுத்துக்கொண்டு 33 பிஎஸ்ஐ காற்றுள்ள கார் டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டால், சுமார் 95 கிலோமீட்டர் வேகம் என்று விடை வருகிறது. இது தோராயமான எல்லைதான். ஆனாலும் நான்குவழிச் சாலையில் மழையிலும் பலர் ஓட்டும் வேகம் அதுவே. அந்த எல்லையை மேலே தள்ளி வைப்பதுதான் டிரெட்டில் உள்ள பள்ளங்களின் வேலை.

திசை டயரில் ‘வி’யின் கூர்முனை முதலில் தரையைத் தொட வேண்டும். அப்போது டயரின் நடுப்பகுதி முதலில் அழுந்துகிறது. பிறகு அழுத்தம் படிப்படியாக ஓரங்களுக்குப் பரவுகிறது. தண்ணீரும் அதே வரிசையில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுக்கித் தள்ளப்படுகிறது. அதே டயரைத் திருப்பி மாட்டினால் ஓரங்கள் முதலில் தொடும், நடு கடைசியில் தொடும். ஓரங்களில் சேர்ந்த தண்ணீருக்கு வெளியே போகும் வழி குறைந்து, நடுவை நோக்கி ஒதுங்கும். எங்கே தண்ணீர் இருக்கக் கூடாதோ அங்கே அது வந்து சேருகிறது.

டிராக்டரின் பின் டயரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே தண்ணீருக்குப் பதில் சேறு. கட்டைகளின் கூர்முனை முதலில் மண்ணில் இறங்கினால்தான், டயர் உருளும்போது சேறு இருபுறமும் பிதுங்கி விழும். திருப்பி மாட்டிய டிராக்டர் டயரில் சேறு கட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, சிறிது தூரத்திலேயே சக்கரம் மொழுக்கென்று ஆகிவிடும். வயலில் இந்தத் தவறு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். காரில் அப்படித் தெரிவதில்லை. உலர்ந்த சாலையில் திசை மாறிய டயருக்கும் சரியான டயருக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண ஓட்டுநரால் உணர முடியாது. சத்தம் கொஞ்சம் கூடலாம். நாளடைவில் கட்டைகள் ரம்பப் பல்போல ஒரு முனையில் மட்டும் தேயலாம். உண்மையான விலையைக் கேட்பது மழைநாளின் வேகம்தான். அதுவரை தவறு மறைந்தே இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இனி அந்த நான்கு டயர்களுக்கு வருவோம். இரண்டு மட்டும் எப்படித் தவறின?

ஒரு காரின் இடப்பக்கச் சக்கரத்தை வெளியில் நின்று பார்த்தால், கார் முன்னே போகும்போது அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வலப்பக்கம் போய் நின்று பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழலும். இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன. நாம் பார்க்கும் பக்கம்தான் மாறுகிறது. டயர் கடையில் ரிம்மின் வெளிமுகம் மேலே தெரியும்படி அதை இயந்திரத்தில் பூட்டி, மேலிருந்து டயரை ஏற்றுவார்கள். முதல் டயரை ஏற்றும்போது அம்பு கடிகார முள்ளின் திசையில் இருந்தால் அந்தச் சக்கரம் இனி வலப்பக்கத்துக்குத்தான் ஆகும். பழகிய கை, அடுத்த மூன்று டயர்களையும் அதே மாதிரி எடுத்து அதே மாதிரி ஏற்றிவிடுகிறது. இப்போது நான்குமே வலப்பக்கச் சக்கரங்கள். இடப்பக்கத்தில் மாட்டும் இரண்டும் பின்னோக்கிச் சுழலத்தான் செய்யும்.

திசை டயர் கடையில் அடுக்கியிருக்கும்போது அதற்கு இடம் வலம் கிடையாது. ரிம்மில் ஏறும் கணத்தில்தான் அதற்குப் பக்கம் வருகிறது. பெட்டியில் ‘இடது டயர்’ என்று எதுவும் எழுதியிருக்கவில்லையே என்று கடைக்காரர் சொன்னால் அவர் சொல்வது சரிதான். ஆனால் இரண்டை ஒரு முகமாகவும் இரண்டை மறுமுகமாகவும் ஏற்ற வேண்டிய பொறுப்பு அவருடையது.

இந்தத் தவறைத் திருத்தும் வேலை, தவறு எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரிம்மில் ஏற்றும்போது இரண்டுக்கு இரண்டு சரியாகச் செய்துவிட்டு, காரில் மாட்டும்போது மட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றால் நான்கும் பின்னோக்கிச் சுழலும். கேட்க பயங்கரமாக இருந்தாலும் இதுதான் மிக எளிதான தவறு. ஜாக்கி வைத்துத் தூக்கி, இடப்பக்கச் சக்கரங்களை வலப்பக்கமும் வலப்பக்கத்தவற்றை இடப்பக்கமும் மாற்றினால் முடிந்தது. நான்கையும் ஒரே முகமாக ஏற்றியிருந்தால் அப்படித் தப்ப முடியாது. சக்கரங்களை எப்படி இடம் மாற்றினாலும் இரண்டு தவறாகவே இருக்கும். அந்த இரண்டின் காற்றை இறக்கி, டயரை ரிம்மிலிருந்து பிரித்து, புரட்டி, மறுபடி ஏற்றி, மறுபடி பேலன்சிங் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதைத் தவிர்க்கத்தான், ‘கொஞ்ச நாள் ஓட்டுங்க சார், அடுத்த ரொட்டேஷன்ல மாத்திக்கலாம்’ என்ற சமாதானம் சில கடைகளில் சொல்லப்படுகிறது. அதை ஏற்கக் கூடாது. அடுத்த ரொட்டேஷன் வருவதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய்விடும்.

ரொட்டேஷன் என்ற பேச்சு வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடலாம். டயர்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுவது வழக்கம். சாதாரண டயர்களைக் குறுக்காக, முன் இடதைப் பின் வலதுக்கு என்று மாற்றுவார்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகச் சுழற்றுவதும் உண்டு. திசை டயர்களில் இந்தக் குறுக்கு மாற்றம் கூடாது. முன் இடது, பின் இடதுக்குத்தான் போகலாம். முன் வலது, பின் வலதுக்கு. நன்றாகப் பொருத்தப்பட்ட டயர்கள்கூடத் திசை மாறிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஏற்றியவர் அம்பைப் பார்த்து ஏற்றினார். ஆறு மாதம் கழித்து ரொட்டேஷன் செய்தவர் வழக்கப்படி குறுக்காக மாற்றிவிட்டார்.

ஜெர்மனியில் கார் வைத்திருப்போருக்கு இது ஆண்டுக்கு இருமுறை வரும் கவலை. அங்கே அக்டோபரில் குளிர்கால டயரும் ஈஸ்டரை ஒட்டிக் கோடைக்கால டயரும் மாட்டுவது பலருடைய பழக்கம். குளிர்கால டயர்களில் பல திசை டயர்கள்; பனியும் பனிச்சேறும் பள்ளங்களிலிருந்து விழ ‘வி’ வடிவம் உதவுகிறது. கழற்றிய சக்கரங்களை அடுக்கி வைப்பதற்கு முன்பே, முன் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது யோசிக்க வேண்டியதே இல்லை. நம்மூரில் டயர் மாற்றும் பருவம் இல்லை. ஆனால் பஞ்சர் ஒட்டவோ ரொட்டேஷனுக்கோ நான்கையும் கழற்றும் நாளில் இந்தச் சுண்ணக்கட்டிப் பழக்கம் இங்கும் பயன்படும்.

ஸ்டெப்னிக்கும் இதே சிக்கல்தான். திசை டயர் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பஞ்சர் எந்தப் பக்கம் ஆகும் என்பதை யாராலும் தீர்மானிக்க முடியாது. வழியில் மாற்ற நேர்ந்தால் தவறான பக்கத்தில் மாட்டி ஓட்டிச் செல்வதில் பிழையில்லை. நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருப்பதைவிட அது நல்லது. ஆனால் மழை பெய்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஊர் சேர்ந்ததும் பஞ்சர் ஒட்டிய பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லா டயரும் எதிர்த்திசையில்தானே சுழல்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வேகத்தில், அந்தத் தூரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

அசிமெட்ரிக் டயரின் கதை வேறு. இதன் வரலாறு 1965இல் மிஷலின் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்ஏஎஸ் என்ற டயரிலிருந்து தொடங்குகிறது. அதன் பெயரில் உள்ள ‘ஏ’ அசிமெட்ரிக் என்பதைத்தான் குறித்தது. வேகமாக ஓடும் கார்களுக்கென வந்த டயர் அது. கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. அதிலும் டயரின் வெளி ஓரம்தான் அதிகம் தாங்குகிறது. ஆகவே வெளி ஓரத்தில் பெரிய, அசையாத கட்டைகள். உள் ஓரத்தில் தண்ணீரை அகற்றும் பள்ளங்கள் கூடுதலாக. இரண்டு வேலைகளை டயரின் இரண்டு பாதிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இங்கே அம்பு இல்லை. பக்கச்சுவரில் ‘அவுட்சைடு’, ‘இன்சைடு’ என்று பொறித்திருக்கும். சிலவற்றில் ‘இந்தப் பக்கம் வெளியே’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்றொடர் இருக்கும். அவுட்சைடு என்பது வெளியே தெரிந்தால் போதும். எந்தத் திசையில் சுழன்றாலும் கவலையில்லை. எனவே இந்த டயரைக் குறுக்காகவும் ரொட்டேஷன் செய்யலாம். இதைக் கூர்ந்து பார்க்கும் சிலருக்கு வேறொரு பயம் வருகிறது. காரின் முன்னால் நின்று இரண்டு முன் டயர்களையும் பார்த்தால், சாய்ந்த பள்ளங்கள் இரண்டிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி பிம்பம்போல இல்லையே, ஏதோ ஒன்றை மாற்றி மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரே டயரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனால் அது அப்படித்தான் தெரியும். அதை அறிந்தே வடிவமைத்திருக்கிறார்கள். இந்தப் பயத்தில் ஒரு டயரைப் புரட்டி மாட்டச் சொன்னால்தான் உண்மையான தவறு நேரும்.

அந்தத் தவறு, உள்ளை வெளியாக மாட்டுவது, கடைகளில் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வாடிக்கையாளர் புது டயர்தானா என்று தேதியைப் பார்க்க விரும்புகிறார். அது வெளியே தெரியும்படி மாட்டிவிட்டால் பேச்சு வராது. தேதி உள்ள பக்கமும் அவுட்சைடு என்ற சொல் உள்ள பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. தேதியைப் பார்ப்பதாக இருந்தால் டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்வெளி மாறிய அசிமெட்ரிக் டயர், வளைவுகளில் தன் நெகிழ்வான பாதியைக் கொண்டு எடையைத் தாங்க முயலும். ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே கேட்காமல் ஒரு கணம் தயங்குவதுபோல் தெரியும். வெளி ஓரம் விரைவில் தேயும். நான்கும் மாறியிருந்தால் கார் மொத்தமாக மந்தமாகும், அவ்வளவுதான். மோசமானது ஒரே அச்சில் ஒன்று சரியாகவும் ஒன்று மாறியும் இருப்பது. அப்போது இடப்பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் கார் நடந்துகொள்ளும். அவசரத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஓட்டுநர், கார் எப்படிப் பதில் சொல்லும் என்று நம்பி ஒடிப்பாரோ அந்த நம்பிக்கை பொய்க்கும். பிரிட்டனில் நடக்கும் ஆண்டு வாகனச் சோதனையில், பக்கச்சுவரில் உள்ள அறிவுறுத்தலுக்கு மாறாக மாட்டிய டயரைச் சிறு குறையாகக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

மிகச் சில டயர்களில் அம்பும் இருக்கும், அவுட்சைடும் இருக்கும். அவற்றில்தான் இடது டயர், வலது டயர் என்று தொழிற்சாலையிலேயே தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. நான்கும் ஒரே பக்கத்து டயர்களாக வந்துவிட்டால் எந்தக் கடைக்காரராலும் சரிசெய்ய முடியாது. அம்பைச் சரியாக வைத்தால் உட்பக்கம் வெளியே வரும். வெளிப்பக்கத்தைச் சரியாக வைத்தால் அம்பு பின்னோக்கும். பாதியைத் திருப்பி அனுப்பி மறுபக்கத்து டயர்களை வரவழைப்பது ஒன்றே வழி.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைக் டயர்களில் பெரும்பாலும் அம்பு இருக்கும். முன் டயரில் பள்ளங்கள் ஓடும் போக்கும் பின் டயரில் ஓடும் போக்கும் எதிரெதிராக இருப்பதைப் பார்த்து, ஒன்று தவறு என்று முடிவுகட்டக் கூடாது. பின் சக்கரத்தின் மேல் விழும் பெரிய விசை இன்ஜினின் இழுவை. முன் சக்கரத்தின் மேல் விழுவது பிரேக்கின் விசை. இரண்டும் எதிர்த் திசைகளில் டயரை இழுக்கின்றன. அதனால் ஒரே டயரை முன்னுக்கு ஒரு திசையிலும் பின்னுக்கு மறுதிசையிலும் மாட்டச் சொல்லி இரண்டு அம்புகள் பொறித்தவையும் உண்டு. பைக்கில் கண்ணை நம்பாமல் அம்பை நம்புவதே சரி.

சோதித்துப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உட்கார்ந்து பக்கச்சுவரில் ‘ரொட்டேஷன்’ என்ற சொல்லையும் அருகிலுள்ள அம்பையும் தேட வேண்டும். அம்பு டயரின் கீழ்ப்பகுதியில் நின்றுவிட்டால் குழப்பம் வரும். காரைச் சிறிது நகர்த்தி அது மேலே வரும்படி செய்துகொள்ளலாம். மேலே இருக்கும்போது அம்பு காரின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். பின்பக்கத்தைக் காட்டினால் டயர் தவறு. அம்பு இல்லாமல் ‘இன்சைடு’ என்ற சொல் கண்ணில் பட்டாலும் டயர் தவறு, ஏனென்றால் அந்தச் சொல் உங்கள் கண்ணுக்கே படக் கூடாது. இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் அது சாதாரண டயர்; நிம்மதியாக எழுந்துவிடலாம்.

இதைச் செய்ய வேண்டிய நேரம், கடையில் பணம் கொடுப்பதற்கு முன். மாட்டிய அன்றே தவறைக் காட்டினால் கழற்றி மாற்றுவதற்கும் மறுபடி பேலன்சிங் பார்ப்பதற்கும் கூலி கேட்பது நியாயமில்லை, கொடுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒருமுறை நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து பார்த்துவிடுங்கள்.